லேப்டாப் உங்களுடையது... டெஸ்க்டாப் யாருடையது? விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஏன் ‘நம்ம கம்ப்யூட்டர்’ மாதிரி இல்லை?

யூடியூப் தடங்காமல் ஓடுகிறது. வாட்ஸ்அப் கால் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் ஆபீஸ் கொடுத்த விர்ச்சுவல் டெஸ்க்டாப்பைத் திறந்து எக்செலில் ஓர் எண்ணைத் தட்டினால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அது திரையில் வருகிறது. நேற்று டெஸ்க்டாப்பில் சேமித்த ஃபைல் இன்று காணோம். காபி பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது. ஐடி டீமைக் கேட்டால், “உங்க நெட்டைச் செக் பண்ணுங்க” என்ற பதில்தான்.

கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் இருக்கும் குந்தாரப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து பெங்களூரு சுமார் 80 கிலோமீட்டர். வாரத்தில் சில நாள் பஸ், சில நாள் வீட்டிலிருந்து வேலை என்று பெங்களூரு நிறுவனங்களுக்கு உழைக்கும் ஓர் இளைஞர் இங்கே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சொந்த லேப்டாப், வீட்டில் ஃபைபர் இணைப்பு, நிறுவனம் கொடுத்த விர்ச்சுவல் டெஸ்க்டாப். அவர் தட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன நடக்கிறது?

திரையில் தெரிவது படம்தான்

விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்பது லேப்டாப்பில் ஓடும் சாஃப்ட்வேர் அல்ல. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும் விண்டோஸ் கம்ப்யூட்டரின் திரையைப் படமாக அனுப்பி, நம் லேப்டாப்பில் காட்டும் ஏற்பாடு. ‘அ’ என்று தட்டினால் அந்தத் தட்டல் மட்டும் இணையம் வழியாக அங்கே போகிறது. அங்கே உள்ள எக்செல் அதை வாங்கி, திரையை மாற்றி வரைகிறது. மாறிய பகுதி படமாகச் சுருக்கப்பட்டு இங்கே திரும்பி வருகிறது. அதன் பிறகுதான் கண்ணுக்கு ‘அ’ தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டர் மும்பையில் இருந்தால் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 900 கி.மீ. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ வேகத்தில் போகும். போய்வர 9 மில்லி விநாடி. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவில் பல ரௌட்டர்கள் உண்டு, வீட்டு வைஃபையும் தன் பங்குக்கு நேரம் எடுக்கும் என்பதால் நிஜத்தில் இது சில மடங்கு கூடும். அப்படியும் சமாளிக்கலாம். ஆனால் அமெரிக்க கிளையன்ட்டின் டேட்டா அந்த நாட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்ற ஒப்பந்தத்தால் டெஸ்க்டாப்பை வர்ஜீனியாவில் வைத்திருந்தால், தூரம் 13,000 கி.மீட்டரைத் தாண்டும். ஒளி போய்வர மட்டுமே 130 மில்லி விநாடி ஆகும். எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் இதைக் குறைக்க முடியாது. ஜியோவோ ஏர்டெல்லோ இங்கே குற்றவாளி இல்லை. அமேசான் தன் ‘ஒர்க்ஸ்பேசஸ்’ சேவையில் பிசிஓஐபி என்ற பழைய முறையில் இணைபவர்களுக்கு, போய்வரும் நேரம் 100 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் நல்ல அனுபவம் கிடைக்கும் என்கிறது.

அப்படியென்றால் யூடியூப் மட்டும் எப்படி ஓடுகிறது? அது அடுத்த முப்பது நொடி வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் அது நடக்காது. அடுத்து என்ன தட்டப்போகிறீர்கள் என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாதே!

இன்னொரு விஷயம்தான் ‘என்னமோ சரியில்லை’ என்ற உணர்வைக் கொடுக்கிறது. பெரும்பாலான விர்ச்சுவல் டெஸ்க்டாப்களில் மவுஸ் அம்புக்குறியை வரைவது நம் லேப்டாப்பேதான். அதனால் அம்பு வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கிளிக் செய்ததும் திறக்க வேண்டிய மெனு மும்பை போய்வந்தாக வேண்டும். கை ஒரு வேகத்திலும் கண் ஒரு வேகத்திலும் இருக்கும். மெனு திறக்கவில்லையே என்று இன்னொரு கிளிக் செய்வோம். அது போய்ச் சேரும்போது மெனு திறந்திருக்கும், இரண்டாவது கிளிக் வேறெதையோ அமுக்கிவிடும். தப்பான வரிசையை டெலீட் செய்த பழி பல பேருக்கு இப்படித்தான் வந்திருக்கும்.

எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு உள்ளே பிரவுசரைத் திறந்து ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்த்து, நொடிக்குப் பல நூறு எம்பி வருதே என்று ஏமாறுபவர்கள் நிறைய. அது டேட்டா சென்டரின் இணைய வேகம். உங்கள் வீட்டு இணைப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மேப்பில் ‘என் இடம்’ என்று தேடினால் குந்தாரப்பள்ளிக்குப் பதில் வேறு ஊர் வருவதும் இதனால்தான். சோதனையை லேப்டாப்பில், வெளியே செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப்பில் மேலே உள்ள பட்டையில் சிக்னல் படத்தை அழுத்தினால், போய்வரும் நேரம் மில்லி விநாடியில் தெரியும். ஐடி டீமிடம் பேசும்போது ‘ஸ்லோவா இருக்கு’ என்பதைவிட அந்த எண்ணைச் சொல்வது பயன் தரும்.

எண் எப்போதும் அதிகமாகவே இருந்தால் பெரும்பாலும் தூரம்தான் காரணம். எண் குறைவாக இருந்தும், திரை உறைந்து போய்ப் பிறகு பத்து எழுத்துகள் ஒரேயடியாகக் கொட்டினால், வழியில் டேட்டா தொலைந்து மறுபடி அனுப்பப்படுகிறது என்று பொருள். வைஃபைக்குப் பதில் கேபிளைச் செருகிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

காணாமல் போன ஃபைலுக்கு வேறு காரணம். பல நிறுவனங்கள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் ஒதுக்குவதில்லை. ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு, லாகின் செய்யும்போது எது காலியோ அதைக் கொடுக்கும். லாட்ஜ் ரூம் மாதிரி. கட்டளைத் திரையில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
hostname
```

சில நாள் தொடர்ந்து பார்க்கும்போது பெயர் மாறினால், நீங்கள் இருப்பது லாட்ஜில்தான். நீங்கள் கிளம்பியதும் ரூம் பழைய நிலைக்குக் கொண்டுவரப்படும். உங்கள் செட்டிங்குகளும் ஃபைல்களும் தனியாக ஒரு ‘ப்ரொஃபைல்’ பெட்டியில் வைக்கப்பட்டு, அடுத்த லாகினில் இணைக்கப்படும். எந்தெந்த ஃபோல்டர் அந்தப் பெட்டிக்குள் போகும் என்பதை முடிவு செய்வது அட்மின். சி டிரைவில் நீங்களாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி வைத்தால் அது பெரும்பாலும் போய்விடும். விண்டோவை ‘எக்ஸ்’ அழுத்தி மூடினால் இணைப்புதான் துண்டிக்கப்படும்; உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் குறிப்பிட்ட நேரம் சும்மா கிடந்தால் தானாக லாக்ஆஃப் செய்யும்படி பல இடங்களில் வைத்திருப்பார்கள். சேமிக்காத எக்செல் அதோடு காலி.

ஜூலை 19, 2024: கை எட்டாத கம்ப்யூட்டர்

வேகத்தைவிடப் பெரிய வித்தியாசம் அன்றைக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39 மணி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் நிறுத்தியது. 10.57 மணிக்கு அந்த அப்டேட் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் ஏற்கெனவே விழுந்தவை தானாக எழவில்லை.

தீர்வு என்னவோ எளிதுதான். சேஃப் மோடில் திறந்து, `C:\Windows\System32\drivers\CrowdStrike` ஃபோல்டருக்குள் போய், `C-00000291*.sys` என்ற ஃபைலை நீக்கினால் போதும். எதிரே கம்ப்யூட்டர் இருந்தால் கொஞ்சம் விவரம் தெரிந்தவர், ஐடி டீம் போனில் சொல்லச் சொல்லச் செய்துவிடலாம். டிஸ்க் பூட்டியிருந்தால் அதற்கான 48 இலக்க ரெகவரி எண் வேண்டும், அவ்வளவுதான்.

விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் விழுந்தவருக்கு அந்த வழியே இல்லை. அழுத்துவதற்குப் பவர் பட்டன் கிடையாது. நீலத்திரைகூடத் தெரியாது, ‘இணைக்க முடியவில்லை’ என்ற செய்தி மட்டும்தான். அட்மின்தான் அந்த மெஷினை நிறுத்தி, அதன் டிஸ்க்கைக் கழற்றி, நன்றாக இருக்கும் இன்னொரு மெஷினில் மாட்டி, ஃபைலை நீக்கி, மறுபடி பொருத்த வேண்டும். இத்தனையும் மவுஸால்தான், ஆனால் ஒவ்வொரு மெஷினுக்கும். மைக்ரோசாஃப்ட் தன் அஸூர் வாடிக்கையாளர்களுக்கு இன்னொரு யோசனையும் சொன்னது: ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருங்கள், 15 தடவை வரை ஆகலாம்! சிலருக்கு அது பலித்தும் விட்டது. நம் ஊர் ஐடி டீம்கள் ‘ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டீங்களா’ என்று கேட்பதை இனி யாரும் கிண்டல் செய்ய முடியாது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லாட்ஜ் முறையில் நடத்திய நிறுவனங்களுக்குப் பழுதான மெஷின்களை அழித்துவிட்டு, பழைய நகலிலிருந்து புதிதாக உருவாக்கும் வாய்ப்பு இருந்தது. ஊழியருக்குக் கட்டுப்பாடு இல்லாமல் போன அதே காரணம், அட்மினுக்கு வசதியானது. ஓசூர் பஸ்ஸில் லேப்டாப் தொலைந்தாலும் கிளையன்ட் டேட்டா தொலையாது என்பதும் இதே கணக்குதான். அதற்காகத்தான் நிறுவனங்கள் இதைக் கொடுக்கின்றன.

யார் பார்க்கிறார்கள்?

உள்ளே நடப்பது எல்லாம் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் நடப்பது. எப்போது லாகின், எவ்வளவு நேரம் சும்மா இருந்தீர்கள் என்பது பதிவாகும். அட்மின் நினைத்தால் திரையைப் பார்க்கும் வசதியும் உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வரும்படி செய்யலாம். போனில் படம் பிடித்தாலும் மாட்டிக்கொள்ளலாம்: திரை முழுக்க மங்கலாக க்யூஆர் கோடு தெரியும்படி அஸூரில் வைக்க முடியும், அதை ஸ்கேன் செய்தால் யாருடைய செஷன் என்று கண்டுபிடிக்கலாம்.

சொந்த லேப்டாப்பின் மறுபக்கம் என்ன? வெறும் பார்வைச் செயலி மட்டும் போட்டிருந்தால், உங்கள் போட்டோக்களை நிறுவனம் பார்க்க முடியாது. ஆனால் இணையும்போது ‘லோக்கல் டிரைவை இணைக்கவா’ என்று கேட்டதற்கு ‘சரி’ என்று அழுத்தியிருந்தால், அந்த டிரைவ் உள்ளே தெரியும். உள்ளே ‘திஸ் பிசி’யைத் திறந்து, உங்கள் லேப்டாப் பெயரில் டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்குச் சேரும்போது லேப்டாப்பில் நிறுவனத்தின் நிர்வாக மென்பொருளையும் ஏற்றச் சொல்லியிருந்தால், கதையே வேறு. அப்போது லேப்டாப்பிலும் அவர்கள் கை இருக்கிறது.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் கைகொடுக்குமா? ஓரளவுதான். வேலை தொடர்பான காரணங்களுக்கும், ரகசியம் கசிவது போன்ற இழப்பிலிருந்து நிறுவனத்தைக் காப்பதற்கும் ஊழியரின் தரவைத் தனியாகச் சம்மதம் வாங்காமலே கையாளலாம் என்று அதன் 7-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது.

வேலை போகும் நாளில் இந்த வித்தியாசம் முழுசாகத் தெரியும். கணக்கு முடக்கப்பட்டால், அடுத்த லாகினில் கதவு திறக்காது. சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஆஃபர் லெட்டர் எல்லாம் உள்ளே கிடந்தால் அவற்றுக்காக ஹெச்ஆரைக் கெஞ்ச வேண்டிவரும். இந்த மூன்றையும் அவை வரும்போதே ஹெச்ஆர் போர்ட்டலில் இருந்து, சொந்த போன் வழியாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம். கிளையன்ட் ஃபைல் எதையும் அதோடு சேர்த்து எடுக்க வேண்டாம். அது ஒப்பந்த மீறலாகிவிடும்.