எண் சரி, அது எப்போதைய எண்?

2003 ஆகஸ்ட் 14, பிற்பகல் 2.14 மணி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஆக்ரன் நகரில் உள்ள ஃபர்ஸ்ட்எனர்ஜி மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு மென்பொருள் நின்றுபோனது. மின்பாதையில் கோளாறு என்றால் அலாரம் கொடுத்து, அதைத் திரையில் பதிவுசெய்வதுதான் அதன் வேலை. அது நின்றபோது எந்த ஓசையும் எழவில்லை, திரையும் அணையவில்லை. அன்று வந்த கடைசி அலாரம் பட்டியலில் அப்படியே இருக்க, புதிதாக எதுவும் சேரவில்லை. பணியில் இருந்தவர்கள் அதை அமைதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

2.32 மணிக்குப் பக்கத்து மின் நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. இரண்டு நிறுவனங்களையும் இணைக்கும் 345 கிலோவோல்ட் பாதை ஒன்று ஐந்து நிமிடங்களுக்கு முன் துண்டாகி மீண்டும் இணைந்ததே, பார்த்தீர்களா என்று கேட்டார்கள். ஆக்ரனில் இருந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள். அதில் புது அலாரம் ஏதும் இல்லை. அதனால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். எதிர்முனையில் இருந்தவர் சொன்னதுதான் உண்மை. ஆனால் அவர்களுக்குக் கண்முன் இருந்த திரையே பெரிதாகப்பட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தான் செத்துப்போனதைச் சொல்லத் தெரியாத திரை அது.

3.05, 3.32, 3.41 என்று மூன்று பெரிய பாதைகள் அடுத்தடுத்து விழுந்தன. மூன்றுமே தாங்கக்கூடிய சுமைக்குள் ஓடிக்கொண்டிருந்தவைதான். வெட்டப்படாமல் வளர்ந்த மரங்களில் கம்பி பட்டதே காரணம். இதற்கிடையில் அலாரம் மென்பொருள் இருந்த சர்வர்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழ, கணினிப் பிரிவினருக்குத் தானாகத் தகவல் போனது. அவர்கள் சர்வரை மறுபடி இயக்கினார்கள், அது ஓடியது. அத்துடன் வேலை முடிந்ததென்று நினைத்தார்கள். அலாரம் வருகிறதா என்று கட்டுப்பாட்டு அறையில் யாரையும் கேட்கவில்லை. வழக்கமாக ஓரிரு நொடிகளில் புதுப்பிக்கப்படும் திரைகள் ஒரு கட்டத்தில் 59 நொடிவரை எடுத்துக்கொண்டன. வெளியிலிருந்து அழைப்புகள் குவிந்தபிறகு, ஏறக்குறைய 3.42 மணிக்குத்தான் கணினியில் எதுவுமே புதுப்பிக்கப்படவில்லை என்று ஒருவர் உணர்ந்தார். 4.06-க்கு இன்னொரு பெரிய பாதை விழுந்தது. அடுத்த ஏழு நிமிடங்களில் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்ராறியோவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள்.

அந்தத் திரையின் ஒரு மூலையில் ‘கடைசி அலாரம் வந்து 18 நிமிடம் ஆகிறது’ என்று ஒரு வரி இருந்திருந்தால் இருட்டு வந்தே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். வெட்டாத மரங்களும் காரணம், பயிற்சிக் குறைவும் காரணம். ஆனால் அந்த வரி இருந்திருந்தால், 2.32-க்கு வந்த அழைப்பை அவர்கள் வேறு காதால் கேட்டிருப்பார்கள்.

இன்று நம் அலுவலகங்களிலும் பண்ணைகளிலும் கிடங்குகளிலும் டாஷ்போர்டு தொங்குகிறது. பெரும்பாலானவற்றில் ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்று ஒரு நேரமும் இருக்கும். சிக்கல் அங்கேதான். அந்த நேரம் எதனுடைய நேரம்?

ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். பத்துத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சென்சார், நிமிடத்துக்கு ஒரு வெப்ப அளவு. இரவு 2.10-க்குச் சென்சார்களை இணையத்தோடு இணைக்கும் பெட்டி நின்றுவிடுகிறது. அளவுகளைத் திரட்டும் நிரலோ கால் மணிக்கு ஒருமுறை தவறாமல் ஓடுகிறது. புதிதாக ஒன்றும் இல்லாததால் பழைய 4 டிகிரியையே எடுத்து எழுதி, தான் ஓடிய நேரத்தைப் பக்கத்தில் பொறிக்கிறது. காலை 6.47-க்கு மேலாளர் பக்கத்தைத் திறக்கிறார். 4 டிகிரி, பச்சை நிறம், கடைசியாகப் புதுப்பித்தது 6.45. எழுத்துக்கு எழுத்து உண்மை, அவ்வளவும் தவறு.

இங்கே மூன்று நேரங்கள் இருக்கின்றன. பக்கம் திறந்த நேரம் 6.47, நிரல் ஓடிய நேரம் 6.45, தொட்டியில் கடைசியாக அளந்த நேரம் 2.10. மேலாளருக்கு வேண்டியது மூன்றாவது மட்டுமே. எழுத எளிது என்பதால் முதலிரண்டில் ஒன்றைத்தான் நிரலாளர்கள் பெரும்பாலும் காட்டிவிடுகிறார்கள். நிரலில் `now()` என்று போட்டால் முடிந்தது. அப்படிக் காட்டுவதைவிட நேரமே காட்டாமல் விடுவது மேல் என்பேன். நேரம் இல்லாத திரையைப் பார்ப்பவர் கொஞ்சமாவது சந்தேகப்படுவார், புது நேரம் போட்ட பழைய எண்ணை நம்பிவிடுவார்.

அளவோடு சேர்ந்து வந்த நேரத்தையே எடுத்தாலும் ஒரு பொறி உண்டு. பெட்டி ஓடிக்கொண்டிருக்க, ஒரு தொட்டியின் சென்சார் மட்டும் செத்துப்போகலாம். மொத்தப் பதிவுகளில் மிகப் புதிய நேரத்தைத் தேடினால், மற்ற ஒன்பதும் சேர்ந்து அந்த ஒன்றை மறைத்துவிடும். ஒவ்வொரு தொட்டிக்கும் கடைசி நேரத்தை எடுத்து, அவற்றில் மிகப் பழையதைத்தான் மேலே காட்ட வேண்டும்:

```sql
SELECT MIN(last_seen)
FROM (SELECT MAX(reading_time) AS last_seen
      FROM readings GROUP BY tank_id) AS t;
```

கிடைத்த நேரத்தை எப்படிக் காட்டுவது என்பதும் சின்ன விஷயமில்லை. சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் 6.45 அங்கே 01:15. அதை அப்படியே அச்சிட்டால், ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை மனக்கணக்கில் கூட்டிப் பார்க்கும் வேலை வாசிப்பவர் தலையில் விழும். கொஞ்ச நாளில் அவர் அந்த மூலையைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். ‘4 மணி 37 நிமிடத்துக்கு முன் அளந்தது’ என்று வயதைச் சொன்னால் கணக்கே வேண்டாம். அந்த வயதைப் பார்ப்பவரின் கணினியே நிமிடத்துக்கு நிமிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சர்வர் கணக்கிட்டு அனுப்பினால், இணைப்பு அறுந்த அன்று ‘1 நிமிடத்துக்கு முன்’ என்ற சொல்லும் திரையில் உறைந்து நிற்கும்.

வயது ஓர் எல்லையைத் தாண்டினால் எண்ணே மங்க வேண்டும். நிமிடத்துக்கு ஓர் அளவு வரும் தொட்டிக்கு ஐந்து நிமிடம் போதும். பச்சை போய்ச் சாம்பல் நிறம் வரட்டும். பதினைந்து நிமிடத்தில் எண்ணை எடுத்துவிட்டு ‘தெரியவில்லை’ என்று போடலாம். வெறுமையாகத் தெரிகிறதே என்று சில மேலாளர்களுக்கு இது பிடிக்காது. பால் கெட்டபிறகு கேட்கும் கேள்விகள் இன்னும் பிடிக்காது.

எல்லா இடத்துக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இரவு முழுதும் விற்பனை இல்லாத கடையில் கடைசி விற்பனை எட்டு மணி நேரம் முந்தியதாக இருந்தால் அது பழுதல்ல. ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் ஒன்றும் வந்துசேரவில்லை என்பதையும் அந்த எண்ணால் பிரிக்க முடியாது. அதற்கு, விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘இருக்கிறேன்’ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடைக் கணினி ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். திரை காட்ட வேண்டியது அந்தக் குறிப்பின் வயதை. ஆக்ரனில் இல்லாமல் போனதும் இதுதான். அலாரம் இல்லாத பட்டியலும் அலாரமே வராத பட்டியலும் அங்கே ஒன்றுபோல இருந்தன.

உங்கள் அலுவலகச் சுவரில் ஒரு டாஷ்போர்டு இருந்தால், அதை அமைத்தவரிடம் நாளை ஒரு கேள்வி கேளுங்கள்: மூலையில் இருக்கும் அந்த நேரம் எந்த இடத்தில் எழுதப்படுகிறது? அவர் பதில் சொன்னபிறகு, தரவு வரும் ஓர் இணைப்பைப் பத்து நிமிடம் பிடுங்கிவைத்து, திரை என்ன சொல்கிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.