ஃபுல் டவர் காட்டுதாம்ல!

மொதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கொஞ்சம் சூடான பதிவு. ரெண்டு மாசமா அடக்கி வச்சிருந்தது.

"எங்க வீட்டுல அந்த சிம்தான், சும்மா பறக்குது, கண்ண மூடிட்டு வாங்குங்க"ன்னு அட்வைஸ் பண்றாங்களே, அந்தப் புண்ணியவான்கள் மேலதான் என் கோவமெல்லாம். சார், உங்க வீட்டுல பறக்குது, சரி. நான் உங்க வீட்டுக்கா குடி வரப்போறேன்?

கதை இதுதான். கூடுவாஞ்சேரி பக்கம் வாடகைக்குத் தரைத்தளத்துல இருக்கோம். எங்க தெருவுக்கு ஃபைபர் வரல. தெருமுனை வரைக்கும் கேபிள் வந்து நிக்குது, அதுக்கு மேல வர்றதுக்கு எந்த கம்பெனிக்கும் மனசு வரல. தங்ஸுக்கு சாயங்காலம் ஏழரையிலேர்ந்து பத்து மணி வரைக்கும் அமெரிக்கா கால். போன மாசம் ஒரே வாரத்துல மூணு தடவை நடுவுல அறுந்துபோச்சு. மேனேஜர் நேராவே சொல்லிட்டாராம், இன்னொரு தடவை இப்படின்னா வாரம் அஞ்சு நாளும் ஆபீஸ் வந்துடுங்கன்னு. ஆபீஸ் சிறுசேரியில. போக வர மூணு மணி நேரம். ராத்திரி கால் முடிச்சுட்டு அவங்க வீடு வந்து சேரும்போது பையன் தூங்கிடுவான்.

அவசரத்துல நான் என்ன பண்ணேன்? சொந்த செலவுல சூனியம். ஒரு ஏஜெண்ட் வந்தார். செல்லைத் தூக்கிக் காட்டி, "பாருங்க சார், ஃபுல் டவர்"னார். நானும் மூணு மாசத்துக்குப் பணம் கட்டிட்டேன். பகல்ல அமோகம். ராத்திரி ஒம்போதுக்கு சக்கரம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. ஃபுல் டவர் மட்டும் அப்படியே நிக்குது, கம்பீரமா.

இங்கதான் விஷயமே. செல்லுல நாம பார்க்கிற அந்தக் கோடுகள், டவர் தொடர்ந்து அனுப்பிக்கிட்டே இருக்கிற ஒரு அடையாள சிக்னல் நம்மகிட்ட எவ்வளவு பலமா வந்து சேருதுங்கிறதைத்தான் முக்கியமா காட்டுது. அந்த டவர்ல பத்து பேர் இருந்தாலும் ஆயிரம் பேர் இருந்தாலும் அந்த சிக்னல் ஒரே மாதிரிதான் வரும். ஓட்டல் வாசல்ல போர்டு லைட் பளிச்சுன்னு எரியுதுன்னா உள்ள உக்கார இடம் இருக்குன்னா அர்த்தம்? சாயங்காலம் ஆனா சுத்துவட்டாரமே வீட்டுக்கு வந்து படம் பார்க்குது. இருக்கிற வேகத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கணும். கோடு குறையாது, பங்குதான் குறையும்.

இதைப் புரிஞ்சுக்க எனக்கு மூணு மாசப் பணம் செலவாச்சு. அப்புறம்தான் உக்காந்து ஒழுங்கா சோதிச்சேன். நாலு கம்பெனி ப்ரீபெய்டு சிம், ஒண்ணொண்ணுக்கும் 28 நாள் பேக், தலா 300லேர்ந்து 350 ரூபாய்க்குள்ள. சிம் போடற 4ஜி ரவுட்டர் ஒண்ணு, கம்பெனி பூட்டு இல்லாதது. "இதுக்கு ஆயிரத்து சொச்சம் வேஸ்டா?"ன்னு தங்ஸ் முறைச்சாங்க. மூணு மாசப் பேக்குக்கு ஏற்கனவே கட்டினதை நான் ஞாபகப்படுத்தல. ஹிஹி.

ஏன் செல்லுல சோதிக்கக் கூடாதுன்னா, செல்லோட ஆண்டெனா வேற, ரவுட்டரோட ஆண்டெனா வேற. செல் 5ஜியில ஓடும், நாம வாங்கப்போற ரவுட்டர் 4ஜியா இருக்கும். எந்தப் பெட்டியில தினமும் ஓடப்போகுதோ அதுலதான் பார்க்கணும். சிம் மாத்தும்போது APN மாறுதான்னும் பாருங்க. ஜியோவுக்கு jionet, ஏர்டெலுக்கு airtelgprs.com, பிஎஸ்என்எல்லுக்கு bsnlnet. இது தப்பா இருந்தா சிக்னல் இருக்கும், நெட் வராது. நாம பாவம் கம்பெனியைத் திட்டிக்கிட்டு இருப்போம்.

ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல ரெண்டு எண் இருக்கும். RSRP-ங்கிறது சிக்னலோட பலம், மைனஸ்ல வரும். -80 அருமை, -100 சுமார், -110 தாண்டினா தேறாது. SINR-ங்கிறது சுத்தம், அதாவது பக்கத்து டவரோட இரைச்சலுக்கு நடுவுல நம்ம டவர் குரல் எவ்வளவு தெளிவா கேக்குதுன்னு. 13க்கு மேல இருந்தா நல்லது, பூஜ்யத்துக்குப் பக்கத்துல போனா தலைவலி. பலம் இருந்து சுத்தம் இல்லேன்னா, கல்யாண மண்டபத்துல நாதஸ்வரம் பக்கத்துல நின்னுக்கிட்டு போன் பேசற கதைதான்.

இன்னொரு தப்பும் பண்ணிருப்பேன், கடைசி நேரத்துல உறைச்சுது. நாலு சிம்மையும் டிவி ஸ்டாண்டுலயே வச்சுப் பார்க்கிறது நியாயம் கிடையாது. ஒவ்வொரு கம்பெனி டவரும் ஒவ்வொரு திசையில நிக்குது. ஒவ்வொரு சிம்முக்கும் மொதல்ல வீட்டுக்குள்ள அதுக்கான இடத்தைக் கண்டுபிடிக்கணும். ஜன்னல் ஜன்னலா ரவுட்டரைத் தூக்கிட்டுப் போய், ரெண்டு நிமிஷம் நிறுத்தி, SINR எங்க ஏறுதுன்னு பார்க்கணும். பையனுக்கு இது ஒரே குஷி. "அப்பா பேய் புடிக்கிறாரு"ன்னு பக்கத்து வீட்டுல போய் சொல்லிட்டு வந்தான்.

இடம் முடிவானப்புறம் ஒரு சிம்முக்கு மூணு நாள். காலையில பதினொண்ணு, ராத்திரி எட்டரை, ஒம்போதரை. ஸ்பீடு டெஸ்ட்ல சர்வரை அதுவா எடுக்க விடாதீங்க. சில சமயம் அந்தக் கம்பெனியோட சொந்த சர்வரையே எடுத்துக்கும், மாமியார் வீட்டுல போய் மாப்பிள்ளை எப்படின்னு கேட்ட மாதிரி ஆயிடும். நாலு சிம்முக்கும் ஒரே சர்வர், நாமளே தேர்ந்தெடுக்கணும். அதோட லேப்டாப்புல இதையும் ஓட்டினேன்:

```
ping -n 200 8.8.8.8
```

வீடியோ காலுக்கு வேகத்தை விட இதுதான் முக்கியம். எல்லாத்துக்கும் 40, 45ன்னு பதில் வந்தா நிம்மதி. 40, 50, 600, அப்புறம் Request timed out-ன்னு வந்தா, எதிர்ல இருக்கிறவர் முகம் பாதி சிரிப்புல உறைஞ்சு நிக்கப்போகுதுன்னு அர்த்தம்.

இப்ப ரிசல்ட். கம்பெனி பேர் சொல்ல மாட்டேன். பயந்துக்கிட்டு இல்ல. சொன்னா நீங்களும் கண்ண மூடிட்டு அதையே வாங்குவீங்க, எதைத் திட்டறதுக்கு இந்தப் பதிவோ அதையே நானும் பண்ணதா ஆயிடும்.

மொதல் கம்பெனி, அதான் நம்ம ஃபுல் டவர். RSRP -78. காலையில 42 எம்பிபிஎஸ். ராத்திரி ஒம்போதரைக்கு 1.8. மூணு நாளும் இதே கதை. ரெண்டாவது கம்பெனி ரெண்டே கோடு, டிவி ஸ்டாண்டுல -101. பார்த்ததுமே இது ஆகாதுன்னு தூக்கிப் போட இருந்தேன். காலையில 17, ராத்திரி 11. குறைஞ்சுதுதான், ஆனா படுத்துக்கல. பிங் ராத்திரியும் 50 தாண்டல. சமையலறை கிழக்கு ஜன்னலுக்கு மாத்தினதும் RSRP -94, SINR 6லேர்ந்து 13, ராத்திரி வேகம் 16.

மூணாவதுல ஒரு விசித்திரம். பலம் -92, மோசமில்ல. SINR மட்டும் 2. செட்டிங்ஸ் பக்கத்துல Cell ID அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறிக்கிட்டே இருந்துச்சு. எங்க வீடு ரெண்டு டவருக்கு நடுவுல மாட்டிக்கிச்சு, ரவுட்டர் இங்கேயும் அங்கேயும் தாவுது. ஒவ்வொரு தாவலுக்கும் பிங்ல ஒரு ஓட்டை. படம் பார்க்கலாம், கால் பேச முடியாது. நாலாவது மொட்டை மாடியில மட்டும் வந்துச்சு, வீட்டுக்குள்ள இல்லவே இல்ல.

நடுவுல ஒரு அசடு வழிஞ்ச கதையும் உண்டு. ரெண்டாவது கம்பெனியோட ரெண்டாம் நாள் ராத்திரி வேகம் 0.06. ஒழிஞ்சுதுன்னு நோட்டுல கோடு போட்டுட்டேன். மறுநாள் காலையில பார்த்தா ஜம்முனு ஓடுது. அப்புறம்தான் உறைச்சுது, பையன் சாயங்காலம் கார்ட்டூன் பார்த்து அன்னிக்கு டேட்டா கோட்டாவைக் காலி பண்ணிட்டான். கோட்டா தீர்ந்தா 64 கேபிபிஎஸ்ஸுக்குக் கட்டிப் போட்டுடுவாங்க, அதுதான் அந்த 0.06. கண்டுபிடிக்கிறது சுலபம். நெரிசல்னா எண் ஏறி இறங்கும். கட்டிப் போட்டதுன்னா எத்தனை தடவை பார்த்தாலும் ஒரே எண். ஸ்பீடு டெஸ்டே டேட்டாவை முழுங்கும்ங்கிறதையும் கவனிங்க. 40 எம்பிபிஎஸ்ல 15 செகண்ட் ஓடினா டவுன்லோடுக்கு மட்டும் 75 எம்பி. சும்மா சும்மா தட்டிக்கிட்டு இருந்தா சோதனையே கோட்டாவைத் தின்னுடும்.

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சொன்னார், "எதுக்கு இவ்வளவு? டிராய் சொல்லி 2025லேர்ந்து கம்பெனிகளே கவரேஜ் மேப் போட்டிருக்காங்களே, பார்த்து வாங்கு." பார்த்தேன் அண்ணே. மூணு கம்பெனி மேப்லயும் எங்க தெரு பூரா கலர் அடிச்சிருக்கு. அந்தக் கலருக்கு எங்க வீட்டுக் காங்கிரீட் சுவரும் தெரியாது, பின்பக்கத் தகர ஷெட்டும் தெரியாது, ராத்திரி ஒம்போதரை மணியும் தெரியாது. தெருவுல சிக்னல் இருக்குன்னு சொல்லும், அவ்வளவுதான்.

கம்பெனிக்காரங்களையும் ஒண்ணு கேக்கணும். தி.நகர்ல 300 ரூபாய் சட்டைக்கு டிரையல் ரூம் இருக்கு. மூணு மாசம் முன்பணம் வாங்கறீங்களே, ஒரு வாரம் போட்டுப் பார்த்துட்டு திருப்பித் தர்றேன்னா ஏன் குதிக்கிறீங்க? ஏஜெண்ட் பகல் பதினொரு மணிக்கு வந்து செல்லைத் தூக்கிக் காட்டினதுக்கு பதிலா, ராத்திரி ஒம்போதரைக்கு ரவுட்டரோட வந்து என் ஹால்ல உக்காரச் சொல்லுங்க. காபி நானே போட்டுத் தர்றேன்.

ரெண்டாவது கம்பெனியே இப்ப ஓடுது, வீட்டு டேட்டாவுக்கான பெரிய பேக் போட்டு, சமையலறை ஜன்னல்ல, மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்துல. அதுக்கப்புறம் ஒரு கால்கூட அறல. எதிர்க்க ஒரு அபார்ட்மெண்ட் எழும்பிக்கிட்டு இருக்கு, அறுபது வீடாம். அவங்க குடி வந்தப்புறம் மறுபடியும் நோட்டைத் திறக்கணும்.

டிஸ்கி: போன வாரம் மாடி வீட்டு அண்ணாச்சி வந்து, "தம்பி, எது நல்ல கம்பெனி, பேரைச் சொல்லு"ன்னார். சொல்லல. வேலிடிட்டி மிச்சம் இருந்த சிம்களையும் பழைய ரவுட்டரையும் கையில குடுத்து அனுப்பினேன். எங்க வீட்டுல தாவிக்கிட்டே இருந்த மூணாவது கம்பெனி, மாடியில ஒரே டவரைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு ராத்திரி 22 காட்டுதாம். ஒரே கட்டடம், ஒரே கதவு எண். ரவுட்டரைத்தான் இன்னும் திருப்பித் தரல.