பெயர்ப் பட்டியல் ஆய்வு மதிப்பீடு ஆகாது

முந்தைய ஆய்வுகளை ஆசிரியர் வாரியாகச் சொன்னால்தான் ஒவ்வொருவருக்கும் நியாயம் செய்ய முடியும், கருப்பொருளில் பிரித்தால் அவர்கள் வாதம் சிதறும் என்கிறார்கள் சிலர். இந்திய வறுமையை அளப்பது பற்றி எழுந்த விவாதம் ஒன்றையே கருத்தரங்கில் வைத்துப் பார்க்கலாம்.

1971இல் வி.எம். தண்டேகரும் நீலகண்ட ரத்தும் நாளுக்கு 2,250 கலோரியை அளவாக வைத்து வறுமையைக் கணக்கிட்டார்கள். பி.வி. சுகாத்மே அந்த அளவுகோலையே மறுத்தார்: ஒரே மனிதரின் தேவையும் நாளுக்கு நாள் மாறும், சராசரியைக் கோடாக்கினால் நலமாக இருப்பவரும் பட்டினிக் கணக்கில் சேர்வார். மின்ஹாஸும் பர்தனும் மோதியது வேறு கேள்வியில். 1960களில் கிராம வறுமை குறைந்தது என்றார் ஒருவர், கூடியது என்றார் மற்றவர். எந்த விலைக் குறியீட்டைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்பது அந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம்.

பெயருக்கு ஒரு சிலைடு போட்டால் எல்லாரும் ஒரே கேள்விக்குப் பதில் சொன்னதாகத் தோன்றும்.

மாற்று வழி எளிது. ஒரு தாளில் ஆசிரியர்களை இடப்பக்கமும் ‘எத்தனை கலோரி’, ‘எந்த விலை’ என்ற கேள்விகளை மேலேயும் எழுதி, கட்டங்களை நிரப்பி, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பத்தியும் பேச்சில் ஒரு பகுதி. தண்டேகர் இரண்டிலும் வருவார். அது சிதறல் அல்ல, அவர் இரண்டு முடிவுகள் எடுத்தார் என்பதற்குச் சான்று.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளலாம்: மறுப்பும் பதிலும் தொடரும் இடத்தில், அந்தப் பகுதிக்குள் கால வரிசை வேண்டும். மற்றபடி சிலைடுகளை இடம் மாற்றியும் பேச்சு குலையவில்லையென்றால், அங்கே இருப்பது வெறும் பட்டியல்.