புள்ளியைத் தொலைத்த பிள்ளை

முல்லைத்தீவு மாவட்டத்திலே, ஒட்டுசுட்டான் பக்கத்துச் சிற்றூர்ப் பாடசாலை ஒன்றை மனக்கண்முன் நிறுத்துவோம். தரம் 3 இல் ஒரு சிறுவன் வாசிப்பதற்கு எழுந்து நிற்கின்றான். 'பல்' என்றிருப்பதைப் 'பல' என்கின்றான். 'கோடு' அவன் வாயில் 'கொடு' ஆகின்றது. 'மணம்' என்பது 'மனம்' ஆகின்றது. புத்தகமோ அவன் மூக்கை உரசிக்கொண்டிருக்கின்றது. எழுத்தறிவு போதாது என்று ஆசிரியர் எண்ணுகின்றார். விளையாட்டுப் புத்தி என்று தாயார் கடிகின்றார். இருவரும் கூறுவது சரிதானா என்பதை நாம் சற்று ஆராய்வோம்.

இப்பிள்ளை விடும் பிழைகளைக் கூர்ந்து நோக்குங்கள். மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி, இரட்டைக் கொம்பின் மேற்சுழி, ணகரத்தின் கூடுதற் சுழி ஆகிய இவையே அவனிடமிருந்து நழுவுகின்றன. தமிழெழுத்தில் மிக நுண்ணிய உறுப்புகள் இவையே. ஆதலின் குறை அறிவிலா, கண்ணிலா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. பத்துச் சொற்களை ஆசிரியர் வாயாற் சொல்ல, பிள்ளை எழுதட்டும். பின்னர் அதே சொற்களைப் புத்தகத்தைப் பார்த்து எழுதட்டும். கேட்டு எழுதும்போது புள்ளி வைத்தவன், பார்த்து எழுதும்போது அதனை விட்டால், அவன் எழுத்தறியாதவன் அல்லன், எழுத்தைக் காணாதவன்.

அப்பால் முதற் பயணம் வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்கே. மூக்குக் கண்ணாடியாலேயே தீரும் குறையாயின் பெரிய எழுத்துக்கு வேலையில்லை. சிகிச்சையும் கண்ணாடியும் செய்ய வேண்டியவற்றைச் செய்த பின்பும் பார்வை குறைந்தே நிற்குமாயின், அதனையே குறைபார்வை என்கிறோம். நமது சிறுவன் அவ்வகையினன் என்று கொள்வோம். அவன் தன் தோழருடன் அதே வாங்கில் அமர்ந்து படிக்க வேண்டும். அவனுக்கு எவ்வளவு பெரிய எழுத்து வேண்டும்?

இதனை ஊகித்தல் கூடாது; அளந்து அறிதல் வேண்டும். ஓர் அடிமட்டத்தை எடுத்துப் பகர எழுத்தின் உயரத்தை அளவாகக் கொள்ளுங்கள். வெள்ளைத் தாளிலே கறுப்புப் பேனையால், 10, 8, 6, 4, 3, 2 மில்லிமீற்றர் என்று இறங்குவரிசையில் ஆறு வாக்கியங்கள் எழுதுங்கள். வாக்கியங்கள் வெவ்வேறாக இருக்கட்டும். இல்லையேல் பிள்ளை நினைவிலிருந்து ஒப்புவித்துவிடுவான். தாளை அவன் விரும்பிய தூரத்திலேயே பிடித்துப் படிக்கட்டும். நமது சிறுவன் 10, 8, 6 ஆகியவற்றைத் தங்குதடையின்றிப் படிக்கின்றான். 4 இல் தடுமாறுகின்றான். 3 இல் எழுத்தெழுத்தாகக் கூட்டுகின்றான். 2 இல் வாய் மூடிவிடுகின்றான். அரிதின் முயன்று கண்டுகொள்ளும் அளவு 3. ஓட்டமாக வாசிக்கும் அளவு 6. பொதுவாக, அரிதிற் காணும் அளவின் இரு மடங்கேனும் இருந்தாலன்றி வாசிப்பு ஓடாது. புத்தகத்தின் எழுத்து 3 மில்லிமீற்றராயின், அதனைப் 'படிக்கின்றான்' என்று நாம் கருதியதெல்லாம் படிப்பன்று, பாடுபடுதலே.

இவ்விடத்திலேதான் நல்லெண்ணமுடைய பலரும் வழுக்கி விழுகின்றனர். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கடைக்குச் சென்று, ஏ4 பக்கத்தை ஏ3 தாளில் பெருப்பித்துப் போட்டோப்பிரதி எடுத்து வருவர். தாள் இரட்டித்துவிட்டது, எழுத்து இரட்டிக்கவில்லை! பரப்பு இரு மடங்காகும்போது உயரம் ஏறத்தாழ 1.4 மடங்கே ஆகும். 3 மில்லிமீற்றர் எழுத்து 4 ஐச் சற்றே தாண்டும். சிறுவன் தடுமாறிய அளவும் அதுவே. அன்றியும், வண்ணப் படத்தின்மேல் அச்சிட்ட வரிகள் கறுப்புவெள்ளைப் பிரதியிற் சாம்பல்மேற் சாம்பலாகிவிடும். தாளோ மேசையை விட்டுத் தொங்கும்.

ஆகவே, பெருப்பிப்பதினும் புதிதாக எழுதுதலே மேல். சாதாரண ஏ4 தாளில், பகரம் 6 மில்லிமீற்றர் உயரம் நிற்க, வரிக்கு நான்கைந்து சொற்களாக, வரிகளுக்கிடையே ஓரெழுத்து உயரம் வெளிவிட்டு எழுதலாம். கணினியில் அமைப்போர் திரையில் தெரியும் அளவை நம்பாது, அச்சிட்ட தாளின்மேல் அடிமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். புள்ளியை மட்டும் தடிப்பாக, எழுத்தைத் தொடாமல், விலகி நிற்க வைத்தல் இன்றியமையாதது. பாடநூலின் ஒரு பக்கம் இவ்வாறு இரண்டு மூன்று தாளாகும். அடுத்த வாரப் பாடத்தை இவ்வாரமே ஆசிரியர் சொல்லிவிட்டால், அழகாக எழுதும் அக்காளோ அண்ணனோ சனி ஞாயிறில் எழுதிவிடலாம்.

அளவுக்கு அடுத்தது நிற வேறுபாடு. பென்சிற் கோடு வெள்ளைத் தாளில் சாம்பல் நிறமே; கொப்பியின் இளநீலக் கோடு இவனுக்கு இல்லாத கோடு. தடித்த கறுப்புப் பேனை கொடுத்து, கோடுகளையும் கறுப்பால் அழுத்தி வரைந்து கொடுங்கள். நாளடைவில் சாம்பல் பூத்த கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்து, வெள்ளை வெண்கட்டியால் எழுதுங்கள். சிவப்பும் நீலமும் வேண்டா. வன்னியின் வெயில் அரைச்சுவருக்கு மேலாக வகுப்பினுள் கொட்டும். சிறுவன் அதற்கு முகங்கொடுத்து இருந்தால் கரும்பலகை பளபளப்பன்றி வேறொன்றும் காட்டாது. வெளிச்சம் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து வரும்படி முன்வரிசையில் இருத்துங்கள். தாளும் பளபளப்பற்றதாக இருக்கட்டும்.

இனி ஓர் எச்சரிக்கை. பெரிய எழுத்து எல்லாக் குறைபார்வைக்கும் மருந்தன்று. சில பிள்ளைகளுக்குப் பார்வையின் கூர்மை இருக்கும்; பரப்பு மட்டும் குழலினூடே பார்ப்பதுபோற் குறுகியிருக்கும். சிறிய எழுத்தைப் படிப்பார்கள். ஆயினும் மாலை மங்கலில் வாங்கில் இடறுவார்கள். வரிமுடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்தைக் காணாது அலைவார்கள். இவர்களுக்கு எழுத்தைப் பெருப்பித்தால் அந்தச் சிறு வளையத்துள் அடங்கும் எழுத்துகள் குறைந்து வாசிப்பு மேலும் தளரும். இவர்கட்கு வேண்டியது நல்ல வெளிச்சமும் கருமையான எழுத்துமே. ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் படிக்கின்றான் என்று இரண்டு அளவுகளில் எண்ணிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். பெருப்பித்தும் எண்ணிக்கை உயராவிடின் அங்கே நிறுத்துக.

"புத்தகத்தைக் கிட்டப் பிடியாதே, இருக்கிற பார்வையும் போய்விடும்" என்று வீட்டில் அதட்டுவது வழக்கம். ஒரு காலத்தில் அறிஞரும் அவ்வாறே நம்பினர். 1908 இல் இலண்டனிலே கடுங்குறும்பார்வைப் பிள்ளைகளுக்கென வகுப்புத் தொடங்கியபோது, கண்ணை உழைக்கவிடாது காப்பதே நோக்கமாயிருந்தது. 1964 இல் அமெரிக்கரான நற்றலி பராகா வெளியிட்ட ஆய்வு, எஞ்சிய பார்வையைப் பயிற்றினால் குறைபார்வைப் பிள்ளைகள் அதனை மேலும் திறம்படப் பயன்படுத்துவர் என்று காட்டியது. கிட்டப் பிடிப்பதால் கண் கெடாது. 20 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து 10 க்குக் கொண்டுவந்தால் எழுத்து இரு மடங்காகத் தோன்றும். செலவற்ற பூதக்கண்ணாடி அது! ஆனால் கட்காசம் என்னும் கண்புரை நீக்கிய பிள்ளைக்கு அவ்வண்ணம் கிட்டக் குவிக்கும் ஆற்றல் இராது. அதற்கெனத் தனிக் கண்ணாடி வேண்டும். ஏனையோர்க்கு முதுகு வளையாதிருக்க, புத்தகத்தைத் தாங்கும் சாய்வுப் பலகை ஒன்று போதும். ஊர்த் தச்சர் செய்து தருவார்.

சில வாரங்கள் சென்றபின் அந்தப் பத்துச் சொற்களை மறுபடியும் பார்த்து எழுதச் சொல்லுங்கள்; இம்முறை பெரிய எழுத்துத் தாளைப் பார்த்து. 'பல்' என்பதன் தலையில் புள்ளி விழுந்திருக்குமாயின், அது அவன் புதிதாகக் கற்ற புள்ளி அன்று. நாம் இதுவரை அவனுக்குக் காட்டாதிருந்த புள்ளி.