மீண்டும் சுழியத்திலிருந்தா?

மலாக்காத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த தன் பாட்டி சொன்ன கதையை என் மாணவி ஒருத்தி கணினியில் தட்டச்சு செய்திருந்தாள். லயத்துத் தகரக் கூரையில் மழை ‘படபடபடவென’ விழுந்ததாக அதில் ஒரு வரி. அவள் எழுதிய தேடல் நிரலில் ‘படபடவென’ என்று கொடுத்தோம். ‘இல்லை’ என்று பதில் வந்தது. சொல்லோ கண்முன்னே இருக்கிறது!

பொருந்தாத எழுத்து வந்ததும் எண்ணிக்கையைச் சுழியமாக்கி, அந்த எழுத்திலிருந்தே புதிதாகத் தொடங்கும் நிரல் அது. ‘படபட’ என நான்கு எழுத்துகள் பொருந்தின. அடுத்து ‘வெ’ வர வேண்டிய இடத்தில் ‘ப’ வந்தது. நிரல் நான்கையும் மறந்து, அந்த ‘ப’வை ஒன்று என எண்ணியது. ‘ட’ வந்ததும் இரண்டு. பிறகு ‘ப’வை எதிர்பார்த்த இடத்தில் ‘வெ’ வந்தது, வாய்ப்பு போயிற்று.

மறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: பொருந்திய பகுதியின் முடிவில், தேடும் சொல்லின் தொடக்கமே மறுபடி இருக்கிறதா? ‘படபட’வின் முடிவில் ‘பட’ இருக்கிறது. அதன் நீளம் 2. இந்த நீளத்தைத் தருவதுதான் முன்னொட்டுச் சார்பு. ‘படபடவென’ சொல்லின் ஆறு எழுத்துகளுக்கும் அது 0, 0, 1, 2, 0, 0. எனவே நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் போதும். அங்கே எதிர்பார்ப்பது ‘ப’தான், அதுவே வந்திருப்பதால் 3. பிறகு 4, 5, 6. சொல் கிடைத்துவிட்டது.

தானியங்கி என்பது இதையே முன்கூட்டி எழுதிவைத்த அட்டவணை. 0 முதல் 6 வரை ஏழு நிலைகள், ஏழு வரிசைகள். சுழிய வரிசையில் ‘ப’ வந்தால் 1, மற்றதெல்லாம் 0. நான்காம் வரிசைக்கு முன்னொட்டு எண் 2. ஆகவே இரண்டாம் வரிசையை அப்படியே நகலெடுத்து, ‘வெ’க்கு மட்டும் 5 என மாற்றுங்கள். மற்ற வரிசைகளும் இப்படித்தான் நிரம்பும்.

தமிழின் 247 எழுத்துகளுக்கு இந்த அட்டவணையில் 1729 கட்டங்கள். ஆம், இராமானுஜன் எண்! க்னூத், மோரிஸ், பிராட் மூவரும் 1977இல் வெளியிட்ட முறைக்கு அந்த ஆறு எண்களே போதும். அட்டவணையில் ஓர் எழுத்துக்கு ஒரே பார்வை. அவர்கள் முறையில் சில எழுத்துகளுக்குப் பலமுறை இறங்க நேரும். ஆனால் மொத்த இறக்கம், படித்த எழுத்துகளின் எண்ணிக்கையைத் தாண்டாது.

ஆகவே ஆசிரியர்களே, நிரலை மனப்பாடம் செய்யவைக்கும் முன் இந்த அட்டவணையை மாணவர் கையால் வரையட்டும். சோதிக்கக் கொடுக்கும் சொல் ‘படபடவென’ போல ‘வென’ சேர்ந்த இரட்டைக்கிளவியாக இருக்கட்டும். முதல் எழுத்து மறுபடி வராத சொல்லில் முன்னொட்டு எண்கள் அனைத்தும் சுழியமே. தவறான நிரலும் சரியான விடை தரும். நான் சோதித்த சொல் ‘மலாக்கா’. அந்த நிரலுக்குச் சரி போட்டதும் நான்தான்.