கலந்து பேசுகிறவன் தமிழன் இல்லையா?

நம் பிள்ளைகள் பேசும் தமிழைக் கேட்டு முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அங்கேயும் கேலி. 'கலப்படத் தமிழ்' என்று ஒரே சொல்லில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. பிழைக்கப் போன தமிழரின் வாழ்வைச் சொல்லும் நாவல்களுக்கும் இதே தீர்ப்புத்தான். பாத்திரங்கள் வேற்றுமொழி கலந்து பேசினால், 'ஆசிரியருக்கு நல்ல தமிழ் வராதா?' என்று ஒருவர் கேட்கிறார். 'அடையாளத்தைத் தொலைத்தவர்களின் பேச்சு இது' என்று இன்னொருவர் பெருமூச்சு விடுகிறார். இரண்டு பேரும் நாவலைச் சரியாகப் படிக்கவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்துக்கொள்வோம். 1972-ல் வெளிவந்த நாவல். சிங்காரமே இளம் வயதில் சுமத்ராத் தீவின் மெடான் நகருக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். அவருடைய கதாநாயகன் பாண்டியனும் மதுரைப் பக்கத்திலிருந்து அப்படிப் போனவன்தான். காலம் இரண்டாம் உலகப் போர். களம் மெடானும் பினாங்கும். இந்தப் பாத்திரங்களின் பேச்சில் மலாய், டச்சு, ஆங்கிலச் சொற்கள் தாராளமாக வருகின்றன. புயலில் சிக்கும் அந்தக் கப்பலைக்கூட அவர்கள் 'தொங்கான்' என்றே சொல்கிறார்கள். அது மலாய்ச் சொல். இதைக் கலப்படம் என்று தள்ளுவதற்கு முன்னால், எந்தச் சொல் மாறுகிறது, யாரிடம் பேசும்போது மாறுகிறது என்று பார்க்க வேண்டாமா?

முதலில் சொல் மட்டும் மாறுவதைப் பார்ப்போம். மும்பையில் நம் வீட்டுப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கோலிக்குப் பாடா குடுக்கணும், பகார் இன்னும் வரல, முக்காதம்கிட்ட கேளு' என்கிறாள் ஒரு தாய். கோலி, பாடா, பகார், முக்காதம் ஆகிய நான்கும் அந்த ஊர்ச் சொற்கள். ஆனால் 'கு' என்ற வேற்றுமை உருபு தமிழ். 'கிட்ட' தமிழ். குடுக்கணும், வரல, கேளு என்ற வினைகள் அத்தனையும் தமிழ். வாக்கியத்தின் எலும்பும் நரம்பும் தமிழாக இருக்க, வந்து ஒட்டியவை நான்கு பெயர்ச்சொற்கள் மட்டுமே. அந்த நான்கும் எவை? குடியிருக்கும் அறை, அதன் வாடகை, சம்பளம், வேலைத்தள மேஸ்திரி. அவள் வாழ்வு எவர் கையில் இருக்கிறதோ அவர்களுடைய சொற்கள்! இது மொழியை மறந்தவளின் பேச்சல்ல. தன் வாழ்வின் கடிவாளம் எங்கே இருக்கிறது என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டவளின் பேச்சு.

மெடான் வட்டிக்கடையிலும் இதே கணக்குத்தான். முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடைக்குள் இருந்த படிவரிசை முழுவதும் தமிழில் இருந்தது. ஏனென்றால் அங்கே அதிகாரம் தமிழனுடையது. தெருவின் பெயரும் கப்பலின் வகையும் அந்நியச் சொல்லில் இருந்தன. ஏனென்றால் அவை அவனுடையவை அல்ல. கடன் ஒருவழியாக மட்டும் போகவுமில்லை. மலாய்க்காரர் கடையைக் 'கெடாய்' என்கிறார். பெட்டியைப் 'பெத்தி' என்கிறார். முதலை 'மோடால்' என்கிறார். மூன்றும் தமிழிலிருந்து போனவை. வட்டிக்கு விடுகிறவனுக்கு அவர் வைத்த பெயரே 'செத்தி', அதாவது செட்டி! எங்கே எவன் கை ஓங்கியிருந்ததோ அங்கே அவன் சொல் நுழைந்திருக்கிறது. அதற்காக மலாய்க்காரர் அடையாளத்தை இழந்தார் என்று எவரும் புலம்பக் காணோம்.

இரண்டாவது வகை, வாக்கியமே முழுதாக வேறு மொழிக்குத் தாவுவது. இங்கேதான் கண்ணைத் திறந்து வைத்துப் படிக்க வேண்டும். பேசிக்கொண்டிருந்தவன் மொழி மாறுகிறான் என்றால், பெரும்பாலும் ஒன்று புதிதாக ஒருவர் வந்திருக்கிறார்; அல்லது பக்கத்தில் இருப்பவருக்குப் புரியக் கூடாத ஒன்று சொல்லப்படுகிறது. டச்சு ஆட்சி தன் மொழியை எல்லோருக்கும் தந்துவிடவில்லை. குடிமக்களிடம் மலாயில் பேசிவிட்டு, டச்சு மொழியைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொண்டது. அந்த ஊரில் வெள்ளையனை 'துவான்' என்று அழைத்தவன் ஒரு சொல்லை மட்டும் கடன் வாங்கவில்லை. தான் நிற்கும் இடத்தையும் ஒப்புக்கொண்டான். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைந்தது. அந்த நுழைவோடுதான் நாவலும் தொடங்குகிறது. நேற்றுவரை அதிகாரத்தின் மொழியாக இருந்த டச்சு, ஜப்பானியரால் தடை செய்யப்பட்டது. எசமானன் மாறினான், வணங்க வேண்டிய மொழியும் மாறியது. இதையெல்லாம் தூய தமிழ் உரையாடலில் எழுதியிருந்தால் வாசகனுக்கு என்ன தெரிந்திருக்கும்? எல்லோரும் சமமாக நின்று பேசியதுபோல ஒரு பொய்தான் தெரிந்திருக்கும்.

மூன்றாவது ஒன்று உண்டு. தூய்மைவாதிகள் கவனிக்கவே கவனிக்காதது இது. பாண்டியனும் நண்பர்களும் தமிழுக்குள்ளேயே மொழி மாறுகிறார்கள். பினாங்கில் மதுக்கோப்பைகளுக்கு நடுவே தமிழின் பழம்பெருமை பற்றி வாதம் நடக்கிறது. கடைப்பேச்சு திடீரென்று மேடைத்தமிழாகிறது, மேடைத்தமிழ் கிண்டலாகிறது. அந்தக் கிண்டலைச் செய்ய வேண்டுமானால் பழந்தமிழ் நூல்கள் கைவசம் இருக்க வேண்டும். மலாய் கலந்து பேசுகிற அதே வாய்தான் இலக்கியத் தமிழைப் புரட்டிப் புரட்டி எடுக்கிறது. அடையாளம் இழந்தவனுக்கு இது கைகூடுமா? எவனுக்குத் தன் மொழியில் கேலி செய்யவும் சண்டை போடவும் முடிகிறதோ, அவன் அந்த மொழிக்குள்தான் குடியிருக்கிறான்.

இதற்காக நாவலைத் தலைமேல் வைத்துக் கூத்தாடச் சொல்லவில்லை. அதன் உரையாடல் எதைக் காட்டவில்லை என்பதையும் கேட்க வேண்டும். மெடானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் சீனரோடும் ஜாவானியரோடும் தமிழ்க் கூலிகளும் உழைத்தார்கள். நாவலின் முன்வரிசையில் நிற்பவர்களோ கணக்கு எழுதத் தெரிந்த கடை ஆட்கள். கடையில் பேசிய மலாய் வாடிக்கையாளரோடு பேரம் பேசிய மலாய். தோட்டத்தில் கூலி கேட்ட மலாய் கட்டளைக்குப் பணிந்த மலாய். சொற்கள் ஒன்றாக இருந்தாலும் நிலை ஒன்றல்ல. ஆகவே கலப்பு மொழி எல்லாம் ஒரே கதையைச் சொல்லும் என்று எண்ணுவதும், கலப்பு எல்லாம் கேடு என்பதைப் போலவே தவறு.

கலப்பில் கவலைப்பட ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பெயர்ச்சொல் போவதல்ல, வினைச்சொல் போவதுதான் அபாயம். பிள்ளை 'பகார்' என்று சொல்வதால் ஒன்றும் கெட்டுவிடாது. தாய் தமிழில் கேட்க, பிள்ளை முழு வாக்கியமாக இந்தியில் மட்டுமே பதில் சொல்லும் நாள் வந்தால், அன்று உட்கார்ந்து யோசியுங்கள். நாவலில் இப்படி ஒரு வீடு வந்தால் அந்த இடத்தில் பக்கத்தை மடித்து வையுங்கள். ஆசிரியர் முக்கியமான ஒன்றைச் சொல்கிறார்.

இனி ஒரு நாவலின் கலப்புப் பேச்சைக் குறை கூற வருகிறவரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். எந்தச் சொற்கள் மாறின? யார் வந்ததும் வாக்கியம் மாறியது? சண்டையும் சிரிப்பும் எந்த மொழியில் நடந்தன? இதற்குப் பதில் சொல்லாமல் அந்நியச் சொற்களை மட்டும் விரல்விட்டு எண்ணுகிறவர், நாவலையும் படிக்கவில்லை, நம் வீட்டுப் பேச்சையும் காது கொடுத்துக் கேட்கவில்லை.