கையெழுத்துப் போடும் முன்

புத்தக ஒப்பந்தம் கைக்கு வந்ததும் புது எழுத்தாளர்கள் முதலில் பார்ப்பது முன்பணத்தை. அதற்கு அடுத்து ராயல்டி சதவீதத்தை. நான் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்வேன். உரிமை எப்போது நம்மிடம் திரும்பும் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், இருந்தால்.

நண்பரின் மகள் தன் முதல் நாவலுக்கு வந்த ஒப்பந்தத்தை அனுப்பியிருந்தாள். விலை 200 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம், முன்பணம் 5000. முன்பணம் என்பது பரிசல்ல, வரப்போகும் ராயல்டியில் கழித்துக்கொள்ளும் தொகை. பிரதிக்கு 20 ரூபாய் என்றால் 250 பிரதி விற்ற பிறகுதான் அடுத்த ரூபாய் வரும். ஆனால் அவளுடைய ஒப்பந்தத்தில் "பதிப்பகத்துக்குக் கிடைக்கும் தொகையில்" பத்து சதவீதம் என்று இருந்தது. கடைக்காரருக்கு நாற்பது சதவீதக் கழிவு போனால் பதிப்பகத்துக்கு வருவது 120. அவளுக்குப் பன்னிரண்டு ரூபாய்தான். 250 பிரதி 417 ஆகிவிடுகிறது!

இதையாவது பேசிச் சரிசெய்யலாம். என்னை உறுத்தியது வேறொரு வரி: "எல்லா மொழி, எல்லா வடிவ உரிமைகளும், புத்தகம் அச்சில் இருக்கும்வரை." மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், சினிமா எல்லாம் இதில் அடங்கிவிடும். அச்சில் இருப்பது என்றால் என்ன? முன்பெல்லாம் ஆயிரம் பிரதி போடுவார்கள். அது தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் புத்தகம் அச்சில் இல்லை, அவ்வளவுதான். இப்போது ஆர்டர் வந்தால் ஒரு பிரதிகூட அச்சடிக்கலாம். கணினியில் கோப்பு இருக்கும்வரை புத்தகம் "அச்சில்" இருக்கிறது. வருஷத்துக்கு மூன்று பிரதி விற்றாலும் உரிமை திரும்பாது.

சட்டம் கொஞ்சம் துணைக்கு வருகிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளச் சொல்கிறது. எந்த நிலப்பரப்பு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதி. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் இவை கைகொடுக்காது. "அச்சில் இருக்கும்வரை" என்ற இரண்டு சொல்லை எளிதாக விடக்கூடாது என்பது இதனால்தான்.

அவளிடம் இரண்டு திருத்தம் கேட்கச் சொன்னேன். ஒன்று, அச்சு உரிமையும் மின்நூல் உரிமையும் மட்டும், ஐந்து ஆண்டுக்கு. மற்றது, தொடர்ந்து இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு ஐம்பது பிரதிக்குக் குறைவாக விற்றால், அவள் எழுத்தில் கேட்ட தொண்ணூறு நாளில் உரிமை திரும்ப வேண்டும். ஐம்பது என்பது என் கணக்கு. முப்பது என்று பதிப்பகம் இறங்கி வந்தாலும் ஒப்புக்கொள்ளலாம். எண் ஒன்று இருக்க வேண்டும். அந்த எண்ணைச் சரிபார்க்க ஆண்டுதோறும் விற்பனைக் கணக்கு வந்தாக வேண்டும், அதற்கும் ஒரு தேதி எழுதி வாங்கச் சொன்னேன். முன்பணத்தைக் குறைத்தால்தான் இதெல்லாம் முடியும் என்று அவர்கள் சொன்னால், 5000 ரூபாயை 2000 ஆக்கிக்கொள்ளட்டும் என்பதே என் கட்சி.